உடைந்த எழுத்தைச் சரிசெய்யும் முன்



கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் தமிழ் தட்டச்சுச் செய்வது எப்படி என்பது ஒரு கேள்வி. திரையில் தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தால் என்ன செய்வது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகவே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். முதல் கேள்விக்கு ஒரு செயலியின் பெயர் பதிலாக வருகிறது. இரண்டாவது கேள்விக்கு ஓர் எழுத்துருவின் பெயர் வருகிறது. எழுத்துருவை நிறுவிப் பார்க்கிறோம், சரியாகவில்லை. இன்னொன்றை நிறுவுகிறோம், அப்போதும் சரியாகவில்லை. கடைசியில் உட்கார்ந்து முழுவதையும் மறுபடி அடிக்கிறோம். இவை இரண்டும் ஒரே கேள்வி என்பதே இன்று நான் முன்வைக்க வந்த கருத்து. கணினி சேமித்து வைப்பது எழுத்தின் வடிவத்தை அல்ல, குறியெண்களின் வரிசையை. அந்த வரிசை ஒலியின் வரிசை. ஒலியின் வரிசையில் தட்டினால் சேமிப்பு சரியாக அமைகிறது. வடிவத்தின் வரிசையில் தட்டினாலோ, சேமித்ததை வேறு அட்டவணை கொண்டு படித்தாலோ எழுத்து உடைகிறது. இது புரிந்துவிட்டால் உடைந்த எழுத்தைப் பார்த்ததும் எங்கே உடைந்தது என்று சொல்லிவிடலாம்.

யூனிகோடு தமிழுக்கு ஒதுக்கியிருக்கும் இடம் பதினாறடிமான எண்ணில் 0B80 முதல் 0BFF வரை. அங்கே ககரத்துக்கு 0B95 என்று ஓர் எண் இருக்கிறது. ஆனால் கி, கு, கொ ஆகியவற்றுக்குத் தனி எண் கிடையாது. ககரத்தின் எண்ணை அடுத்து உயிர்க்குறியின் எண் வந்தால் உயிர்மெய். ‘கெ’ என்பதில் கொம்பு கண்ணுக்கு இடப்பக்கம் தெரிந்தாலும் சேமிப்பில் முதலில் ககரம், பிறகு 0BC6 என்ற எகரக் குறி. நாம் கொம்பை முதலில் வரைந்து ககரத்தை அப்புறம் எழுதுகிறோம். கணினியோ சொல்லும் முறையில் வைக்கிறது: முதலில் மெய், பிறகு உயிர். கொம்பை இழுத்து இடப்பக்கம் போடுவது திரையில் வரையும் நேரத்தில் நடக்கும் வேலை. எழுத்துருவும், எழுத்தை வடிவமைக்கும் நிரலும் சேர்ந்து அதைச் செய்கின்றன.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். மௌனி என்ற சிறுகதையாசிரியரின் பெயரை ஒரு நூலகப் பட்டியலில் ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான சேமிப்பு நான்கு குறியெண்கள்: மகரம் 0BAE, ஔகாரக் குறி 0BCC, னகரம் 0BA9, இகரக் குறி 0BBF. இதையே ‘மெ’ அடித்து, ளகரம் அடித்து, ‘னி’ அடித்தால் ‘மெளனி’ என்று ஐந்து குறியெண்கள் வருகின்றன. ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே மாதிரி இருப்பதால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் ஒரு பதிவு ஒரு வகையிலும் இன்னொரு பதிவு மற்ற வகையிலும் இருந்தால், தேடுகிறவருக்கு அந்த எழுத்தாளரின் பாதிப் புத்தகங்கள் நூலகத்திலேயே இல்லை என்றாகிறது. அகரவரிசையிலும் இரண்டும் இரண்டு இடத்தில் போய் நிற்கும். பார்வையற்றோருக்காகத் திரையை வாசிக்கும் நிரல் ஒன்றை ‘மௌ’ என்றும் மற்றதை ‘மெ, ள’ என்றும் படிக்கும்.

கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதாதா, அச்சிட்டால் ஒன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். அச்சுத்தாளோடு முடிந்துவிடும் வேலைக்கு இந்தக் கேள்வி நியாயமானதே. ஒரு சுவரொட்டிக்கு மெளனி என்று அடித்தாலும் குறையில்லை. ஆனால் இன்று நாம் அடிக்கும் எதுவும் தாளோடு முடிவதில்லை. பட்டியல், விண்ணப்பம், தொடர்பு எண்களின் பெயர்கள், குறுஞ்செய்தி எல்லாமே பிறகு தேடப்படுகின்றன. தேடுவது கண் அல்ல. சந்தேகம் இருந்தால் சோதிப்பதும் எளிது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் ‘மௌ’ முடியும் இடத்தில் சுட்டியை வைத்து Alt+X அழுத்துங்கள். கடைசிக் குறியின் எண் தெரியும். 0BCC என்று வந்தால் சரி. 0BB3 என்று வந்தால் அங்கே இருப்பது ளகரம். மறுபடி Alt+X அழுத்தினால் பழைய எழுத்து திரும்பிவிடும்.

இந்தத் தவறு எங்கிருந்து வந்தது? தட்டச்சுப் பொறியிலிருந்து. அங்கே கொம்புக்கு ஒரு விசை, மெய்யெழுத்துக்கு ஒரு விசை, ளகரத்துக்கு ஒரு விசை. வடிவங்களை இடமிருந்து வலமாக அடுக்குவதே தட்டச்சு. அந்தப் பழக்கம் கணினிக்கும் வந்தது. ஒலிவழித் தட்டச்சில் இந்தக் குழப்பத்துக்கு வாய்ப்பு குறைவு. mauni என்று தட்டுகிறவர் ‘au’ என்ற ஒலியைச் சொல்கிறார். 0BCC தானாக வந்து உட்காருகிறது. ஒலிவழித் தட்டச்சை நான் பரிந்துரைப்பது அது சுலபம் என்பதற்காக மட்டும் அல்ல. தட்டும் வரிசையும் சேமிக்கும் வரிசையும் அதில் ஒன்றாக இருக்கின்றன என்பதே பெரிய காரணம்.

ஒலிவழி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு முறைகள் புழங்குகின்றன. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரிந்தே தேர்ந்தெடுப்பது நல்லது. முதலாவது விதிப்படி இயங்குவது. அஞ்சல் முறை அப்படிப்பட்டது. அதில் l என்றால் லகரம், பெரிய L என்றால் ளகரம், z என்றால் ழகரம். n என்றால் இடத்துக்கேற்ப நகரம் அல்லது னகரம், பெரிய N என்றால் ணகரம். சொல்லின் நடுவில் நகரம் வேண்டுமென்றால் w. ஒரே விசை வரிசை எப்போதும் ஒரே எழுத்தைத் தரும். இரண்டாவது ஊகித்துத் தருவது. நீங்கள் palli என்று சின்ன எழுத்திலேயே அடித்தால் பள்ளி, பல்லி என்று சொற்களை வரிசையாகக் காட்டும். நீங்கள் ஒன்றைத் தொட வேண்டும். manam என்றால் மனமா மணமா என்பதும் அப்படித்தான். அன்றாடச் செய்திக்கு இது விரைவானது. ஆனால் ஆட்பெயர், ஊர்ப்பெயர், வட்டாரச் சொல் போன்றவை அதன் சொற்கிடங்கில் இல்லாதபோது அருகிலிருக்கும் வேறொரு சொல்லைப் போட்டுவிடும். பட்டியல் தயாரிக்கிறவருக்கு விதிப்படி இயங்குவதே ஏற்றது என்பது என் கருத்து.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஜிபோர்டு விசைப்பலகை இருந்தால் அதன் அமைப்புகளில் Languages, அதில் Add keyboard, அதில் Tamil. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் வரும். தமிழ் எழுத்துகள் பொறித்த பலகை ஒன்று. abc என்று தொடங்கித் தமிழுக்கு அம்புக்குறி காட்டுவது இன்னொன்று. அந்த இரண்டாவதுதான் ஊகித்துத் தரும் ஒலிவழி. தேர்ந்தெடுத்துவிட்டு, இடவெளிப் பட்டைக்கு அருகிலிருக்கும் உலகுருண்டைப் படத்தைத் தொட்டால் மொழி மாறும். விதிப்படி இயங்கும் முறை வேண்டுவோர் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியை நிறுவிக்கொள்ளலாம். அதில் அஞ்சலும் உண்டு, தமிழ்99-உம் உண்டு. ஐபோனில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே இவ்விரண்டும் உள்ளேயே இருக்கின்றன. Settings, General, Keyboard, Keyboards, Add New Keyboard என்று போய்த் தமிழைச் சேர்த்தால் போதும்.

மடிக்கணினியில் விண்டோஸ் 10-இன் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து ஒலிவழித் தமிழ் உடன்வருகிறது. Settings, Time & language, Language & region என்ற வழியில் Add a language அழுத்தித் தமிழைச் சேர்க்க வேண்டும். பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். நின்றால், ஆங்கில ஒலிக்குச் சம்பந்தமில்லாத இன்ஸ்கிரிப்ட் அமைப்பு வந்து நிற்கும். m அடித்தால் மகரம் வராது. உடனே கணினியில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டிவிடுகிறோம். கோளாறு இல்லை, ஒரு படி பாக்கி இருக்கிறது. சேர்த்த தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Language options, அதில் Add a keyboard, அதில் Tamil Phonetic. இனி விண்டோஸ் விசையோடு இடவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும். மேக் கணினியில் விசைப்பலகை அமைப்புகளில் உள்ளீட்டு மூலங்களைத் திறந்து Tamil-இன் கீழ் Anjal சேர்த்தால் முடிந்தது. உபுண்டு வைத்திருப்போர் இந்த ஒரு கட்டளையை இட்டு, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்து, உள்ளீட்டு மூலங்களில் தமிழ் phonetic (m17n) என்பதைச் சேர்க்கலாம்:

```
sudo apt install ibus-m17n fonts-lohit-taml
```

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. தமிழை எழுத ஆங்கில எழுத்தை இடையில் நிறுத்துவது சரியா, தமிழுக்கென்றே 1999-இல் தமிழ்99 வந்துவிட்டதே என்பது அந்த மறுப்பு. அதன் ஒரு பாதியை முழுமனதோடு ஏற்கிறேன். ‘அம்மா’ என்று அடிக்கத் தமிழ்99-இல் அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுகிறது. நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், மெய்ப்புப் பார்க்கிறவர்கள், தமிழை முதலில் கற்கும் குழந்தைகள் ஆகியோருக்கு அதுவே நல்லது. ஆனால் வாரத்துக்கு நாலு வரி எழுத நினைக்கிறவரை, புதுப் பலகையைக் கற்ற பிறகு வா என்று சொன்னால் அவர் vanakkam என்று ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிக்கொண்டிருப்பார். அதைவிட அஞ்சல் நல்லது. தமிழ்99-உம் ஒலி வரிசைதான்: முதலில் மெய், பிறகு உயிர். இரண்டில் எதில் அடித்தாலும் சேமிப்பில் விழும் குறியெண்கள் ஒன்றே. சண்டை போட வேண்டிய இடம் வடிவ வரிசைக்கும் ஒலி வரிசைக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இனி உடைந்த எழுத்துக்கு வருவோம். அடிக்கடி வரும் ஒரு நேர்வு இது. இணையப் படிவம் ஒன்றில் பெயர்களைத் திரட்டி, CSV கோப்பாக இறக்கி, இருமுறை சொடுக்கி எக்செலில் திறக்கிறோம். ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் இப்படித் தெரிகிறது:

```
à®¤à®®à®¿à®´à¯
```

இது எழுத்துருக் கோளாறே அல்ல. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. தமிழ் என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஆகவே பதினைந்து பைட்டு. எக்செல் அவற்றை மேலை ஐரோப்பிய அட்டவணையைக் கொண்டு ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்தாகப் படித்திருக்கிறது. à® என்ற இணை திரும்பத் திரும்ப வந்தால் அது தமிழின் கைரேகை. உள்ளே தமிழ் முழுசாக இருக்கிறது, படித்த விதம்தான் தவறு என்று பொருள். செய்ய வேண்டியது, சேமிக்காமல் மூடிவிட்டு, எக்செலில் Data பட்டியலில் From Text/CSV வழியாக அதே கோப்பைத் திறந்து, File Origin என்ற இடத்தில் 65001: Unicode (UTF-8) என்று தேர்ந்தெடுப்பது. எழுத்து வந்துவிடும்.

சேமிக்காமல் மூடுங்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலே உள்ள வரியை எண்ணிப் பாருங்கள். பதினைந்து பைட்டுக்குப் பதினான்கு எழுத்துகளே கண்ணுக்குத் தெரிகின்றன. புள்ளியின் கடைசி பைட்டு 8D. அந்த மேலை அட்டவணையில் 8D-க்கு எழுத்து கிடையாது. உகரக் குறியின் கடைசி பைட்டான 81, ஏகாரத்தின் 8F, ஐகாரத்தின் 90 ஆகியவற்றுக்கும் கிடையாது. அடையாளம் தெரியாத இந்தப் பைட்டுகளைச் சில நிரல்கள் அப்படியே வைத்துக்கொள்ளும், சில வீசிவிடும். வீசியபின் சேமித்துவிட்டால், பிறகு எந்தக் கருவியால் மீட்டாலும் புள்ளியும் உகரமும் இருந்த இடங்கள் சிதைந்தே வரும். தமிழில் புள்ளி இல்லாத வரி ஏது? இதைவிட மோசமான நிலை, எழுத்துகள் எல்லாம் ???? என்று கேள்விக்குறிகளாக நிற்பது. தமிழை ஏற்காத ஒரு தரவுத்தளமோ நிரலோ ஒவ்வொரு குறியையும் உண்மையிலேயே கேள்விக்குறியாக மாற்றிச் சேமித்துவிட்டது என்று பொருள். அங்கே மீட்பதற்கு எதுவும் இல்லை. மூலத்திடம்தான் திரும்பிப் போக வேண்டும்.

வெறும் பெட்டிகளாகத் தெரிந்தால் மட்டுமே எழுத்துருக் குறைபாடு. விண்டோஸில் நிர்மலா, மற்றவற்றில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் இருந்தால் அது தீர்ந்துவிடும். பிற எல்லா உடைவுகளுக்கும் எழுத்துருவைத் தேடி அலைவது வீண்.

இன்னொரு வகை உடைவு வடிவமைப்பு நிரல்களில் வருவது. கட்டுரையை ஒட்டினால் கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கிறது. சேமிப்பு சரியாகத்தான் இருக்கிறது. கொம்பை இழுத்து முன்னால் போடும் வேலையை அந்த நிரல் செய்யவில்லை, அவ்வளவே. அதே உரையைக் கைப்பேசியில் ஒட்டிப் பார்த்து அங்கே சரியாக இருந்தால் உறுதி செய்துகொள்ளலாம். இன்டிசைன் என்றால் பத்தி அமைப்பில் Adobe World-Ready Paragraph Composer என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடைமுறையில் பலர் செய்வது வேறு. கொம்பை வெட்டி ககரத்துக்கு முன்னால் ஒட்டிவிடுகிறார்கள். அந்தத் திரையில் சரியாகிவிடுகிறது. சேமிப்போ கெட்டுவிடுகிறது. பிறகு அந்த உரை எங்கே போனாலும் அநாதையாய் நிற்கும் கொம்போடு புள்ளிகளாலான ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டம், தாங்கும் மெய் இல்லாமல் ஓர் உயிர்க்குறி தனித்து நிற்கிறது என்று வடிவமைப்பு நிரல் காட்டும் அடையாளம். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த உரையிலும் ‘கொடி’ என்பது ‘ெகாடி’ என்று இதே கோலத்தில் வருவதுண்டு. சில கோப்புகளில் உரை, வரையப்பட்ட வடிவங்களின் வரிசையிலேயே கிடைக்கிறது என்பதே காரணம். எனவே பிடிஎஃப் மட்டும் கொடுத்தால் போதாது, தட்டச்சிட்ட மூலக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இத்தனை தொல்லைக்கும் காரணம் யூனிகோடு உயிர்மெய்க்குத் தனி எண் தராததுதானே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்16 என்ற முறையையும், யூனிகோடையும் 2010-இல் தமிழக அரசு ஏற்றது. டேஸ்16-இல் கொம்பு இடம் மாறும் சிக்கல் எழவே வழியில்லை. ஆனால் அது இருப்பது யூனிகோடில் தனிப்பயனுக்கு ஒதுக்கிய பகுதியில். அதற்குரிய எழுத்துரு இல்லாத கைப்பேசிக்கு அனுப்பினால் வெறும் பெட்டிகள்தான் தெரியும். அந்த எண்கள் தமிழ் என்று தேடுபொறிக்குச் சொல்வதற்கும் எதுவும் இல்லை. அச்சகத்துக்குள் பக்கம் கட்டப் பயன்படட்டும். வைத்துக் காக்கும் படி யூனிகோடில்தான் இருக்க வேண்டும்.

கடைசியாகப் பழைய கோப்புகள். வேர்டில் திறந்தால் jkpo; என்று தெரிகிறதா? அது பாமினி எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’. சேமிப்பில் இருப்பவை உண்மையிலேயே j, k, p, o, அரைப்புள்ளி ஆகிய ஆங்கிலக் குறிகளே. பாமினி எழுத்துரு அந்த இடங்களில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய படங்களை வரைந்து வைத்திருக்கிறது. பாமினியை நிறுவினால் திரையில் தமிழ் தெரியும், தேடலில் தெரியாது. மாற்றிதான் வேண்டும். என்எச்எம் மாற்றி போன்றவை பாமினி, டிஸ்கி, டாப், டாம் முதலிய குறிமுறைகளை யூனிகோடாக்கும். எந்தக் குறிமுறை என்பதை வேர்டின் எழுத்துருப் பெட்டியில் தெரியும் பெயரே சொல்லிவிடும். எழுத்துரு நிறுவப்படாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றிக்குக் கொடுத்தால் அதில் உள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழ்க் குப்பையாகிவிடும். பாமினி எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் எடுத்து மாற்ற வேண்டும். முதலில் கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ வரும் ஒரு பத்தியை மாற்றிப் பார்த்து, ஔகாரம் 0BCC ஆக வந்ததா என்று Alt+X கொண்டு சோதித்துவிட்டு மற்றதை மாற்றலாம். மாற்றியபின் பழைய கோப்பை அழிக்காமல், கோப்பின் பெயரிலேயே எழுத்துருவின் பெயரையும் சேர்த்து வைத்துவிடுங்கள். வேர்டிலிருந்து வெறும் உரையாக ஒருமுறை சேமித்துவிட்டால் எழுத்துருப் பெயர் கோப்பிலிருந்து போய்விடும். அதற்கப்புறம் அந்த jkpo; எந்தக் குறிமுறை என்று ஊகித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.